H⁺, OH⁻ அயன்களுக்கு மட்டும் நீரில் ஏன் இந்த வேகம்? புரோத்தன் தாவல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

H⁺ தானே எல்லாவற்றிலும் சிறிய அயன், அதனால்தானே வேகமாக ஓடுகிறது?

இல்லை. உயர்தர விடைத்தாள்களில் அடிக்கடி வரும் பிழை இது. பரிசோதித்துப் பார்க்கவும் எளிது. சிறியது வேகமாக ஓடும் என்றால் கார உலோகங்களில் இலித்தியம்தான் முந்த வேண்டும். 25 °C இல் நன்றாக ஐதாக்கிய கரைசல்களின் மூலர் அயன் கடத்துதிறனைப் பாருங்கள் (அலகு S cm² mol⁻¹): Li⁺ 38.7, Na⁺ 50.1, K⁺ 73.5. வரிசை தலைகீழாக இருக்கிறது. சிறிய அயனைச் சுற்றி மின்புலம் வலிமையாக இருப்பதால் அது நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. அந்தச் சுமையையும் இழுத்துக்கொண்டு போவதால் மெதுவாகிறது.

இந்தக் கணக்கின்படி, வெறும் புரோத்தனான H⁺ எல்லாவற்றையும் விட மெதுவாகப் போயிருக்க வேண்டும். உண்மையில் நீருக்குள் வெறும் H⁺ என்று ஒன்று இல்லை. அது உடனே ஒரு நீர் மூலக்கூறில் ஒட்டி H₃O⁺ ஆகிவிடும். H₃O⁺ இன் பருமன் ஏறத்தாழ K⁺ அளவு. சாதாரண அயனைப் போல நீரைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தால் அதன் மதிப்பும் 70 இற்கு அருகில்தான் வரும். அளந்தால் வருவதோ 349.8. OH⁻ இற்கு 198.6. ஒப்பிட Cl⁻ 76.3, அசற்றேற்று 40.9.

ஆக விளக்கம் வேண்டியது அந்த 70 இற்கும் 350 இற்கும் நடுவே உள்ள இடைவெளிக்குத்தான். அந்த விளக்கம்தான் புரோத்தன் தாவல்.

கண்ணுக்குத் தெரிகிற வேகத்தில் சொன்னால் எவ்வளவு?

ஒரு சென்ரிமீற்றருக்கு 1 வோல்ற்று மின்புலம் கொடுத்தால் H⁺ செக்கனுக்கு ஏறத்தாழ 36 மைக்குரோமீற்றர் நகரும். மணிக்கு 13 சென்ரிமீற்றர். அதே புலத்தில் Na⁺ மணிக்கு 2 சென்ரிமீற்றரைக்கூட எட்டாது. நாளாந்த அளவில் இரண்டுமே ஆமை வேகம்தான். இங்கே "வேகம்" என்பதெல்லாம் மற்ற அயன்களோடு ஒப்பிட்டுச் சொல்வது.

சரி, தாவல் என்றால் ஒவ்வொரு படியாக என்ன நடக்கிறது?

ஒரு H₃O⁺ இல் தொடங்குவோம். அதன் மூன்று ஐதரசன்களும் மூன்று அயல் நீர் மூலக்கூறுகளின் ஒட்சிசன்களை நோக்கி ஐதரசன் பிணைப்புகளைக் கொடுத்தபடி இருக்கின்றன. இந்தப் பிணைப்புகள் சாதாரண நீரில் உள்ளவற்றை விடக் குட்டையானவை, வலிமையானவை. சாதாரண நீரில் ஒட்சிசனுக்கும் ஒட்சிசனுக்கும் இடையே 2.8 Å, இங்கே ஏறத்தாழ 2.55 Å. H₃O⁺ ஐயும் இந்த மூன்று அயல் மூலக்கூறுகளையும் சேர்த்து H₉O₄⁺ என்று எழுதுவர். மன்ஃபிரட் ஐகன் பெயரால் இது ஐகன் அயன் எனப்படுகிறது.

அந்த மூன்று அயல் மூலக்கூறுகளில் ஒன்று H₃O⁺ ஐ இன்னும் கொஞ்சம் நெருங்குகிறது. ஒட்சிசன்களுக்கு இடையே 2.4 Å அளவுக்கு வரும்போது நடுவிலிருக்கும் புரோத்தன் யாருக்குச் சொந்தம் என்றே சொல்ல முடியாத நிலை வரும். அதுதான் H₅O₂⁺, ட்சுன்டல் அயன். அங்கிருந்து புரோத்தன் மறுபக்கம் சாய்ந்துவிட்டால் இப்போது H₃O⁺ என்று பெயர் பெறுவது அயல் மூலக்கூறு. பழையது வெறும் நீர். புரோத்தன் நகர்ந்தது அரை ஆங்ஸ்ட்ரோம் அளவுதான், ஏற்றமோ ஏறத்தாழ 2.5 Å நகர்ந்துவிட்டது. கனமான ஒட்சிசன்கள் இரண்டும் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

நேரத்தைத் தின்பது இந்தச் சாய்வு அல்ல. அங்கே தடை மிகச் சிறியது. புரோத்தன் இரண்டு ஒட்சிசன்களுக்கும் நடுவே முன்னும் பின்னும் ஆடிக்கொண்டேதான் இருக்கிறது. நேரம் எடுப்பது அயல் மூலக்கூறு ஆயத்தமாவது. பிணைப்புகளை எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். சாதாரண நீர் மூலக்கூறு ஒன்று இரண்டு ஐதரசன் பிணைப்புகளைக் கொடுக்கிறது, இரண்டை வாங்குகிறது. H₃O⁺ மூன்றைக் கொடுக்கிறது, வாங்குவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, ஏனெனில் அதன் ஒட்சிசன் பக்கம் நேரேற்றம் தூக்கலாக இருக்கிறது. புரோத்தனை வாங்கப்போகும் அயல் மூலக்கூறு இப்போது H₃O⁺ இடமிருந்து ஒரு பிணைப்பையும் வேறொரு நீரிடமிருந்து இன்னொன்றையும் வாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த இரண்டாவது பிணைப்பு அறுந்தால்தான் அது H₃O⁺ ஆக இருக்கத் தகுந்த சூழலுக்கு வரும். அறுந்ததும் புரோத்தன் சாய்கிறது. பின்னால் விடப்பட்ட பழைய மூலக்கூறு, இப்போது வெறும் நீர் என்பதால், ஒரு புதிய பிணைப்பை வாங்கிக்கொள்கிறது. முன்னே ஒரு பிணைப்பு அறுகிறது, பின்னே ஒன்று உருவாகிறது, நடுவே ஏற்றம் ஒரு படி முன்னேறுகிறது.

கட்டட வேலைத்தளத்தில் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றுவதை இதற்கு உவமையாகச் சொல்வார்கள். கல் போகிறது, ஆட்கள் நின்ற இடத்தில் நிற்கிறார்கள் என்ற அளவில் அது சரி. கூடவே ஒன்றைச் சேர்க்க வேண்டும்: அடுத்தவரின் கை காலியாக இருந்தால்தான் கல் மாறும். புரோத்தன் தாவலின் வேகத்தை முடிவுசெய்வது அந்தக் கை காலியாகும் நேரம்தான். முதலாம் சுற்றில் உள்ள நீருக்கும் அதற்கு அப்பால் உள்ள நீருக்கும் இடையிலான ஐதரசன் பிணைப்பு அறுவதே வீதத்தைத் தீர்மானிக்கும் படி என்பதை 1995 இல் நோம் அக்மோன் தெளிவாக எடுத்துவைத்தார்.

ஒரே புரோத்தன்தான் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓடுகிறதா? அல்லது சங்கிலி முழுவதும் ஒரேயடியாகத் தாவுமா?

இரண்டும் இல்லை. ஒரு H₃O⁺ இற்குள் மூன்று ஐதரசன்கள் இருக்கின்றன, மூன்றும் சமம். வந்த புரோத்தன் ஒன்று, அடுத்த படியில் வெளியே போவது பெரும்பாலும் வேறொன்று. எனவே எதிர்மின்வாய்க்கு வந்துசேர்வது ஏற்றம். எந்தப் புரோத்தன் என்று அடையாளம் காட்ட முடியாது.

நீண்ட சங்கிலி ஒரேயடியாக நகரும் என்ற படம் மிகப் பழையது. தியோடோர் குரோத்துஸ் 1806 இல் மின்னால் நீர் பிரிகையுறுவதை விளக்க எழுதியபோது, நீர்த் துணிக்கைகள் வரிசையாக நின்று தம் பகுதிகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்வதாகச் சொன்னார். அயன் என்ற கருத்தே அப்போது இல்லை. நீரின் சூத்திரம் H₂O என்பதும் உறுதியாகியிருக்கவில்லை. அந்த நிலையில் கைமாற்றம் என்ற மையக் கருத்தைப் பிடித்தது பெரிய விடயம், இன்றும் பொறிமுறை அவர் பெயரால்தான் வழங்குகிறது. ஆனால் நீண்ட சங்கிலி ஒன்றாக அசைய வேண்டுமானால் அதன் ஒவ்வொரு கண்ணியும் ஒரே கணத்தில் ஆயத்தமாக இருக்க வேண்டும். வெப்ப அசைவில் கலங்கிக்கொண்டிருக்கும் திரவத்தில் அது அரிது. கணினி உருவகப்படுத்தல்கள் காட்டுவது நடுவழி: ஏற்றம் சற்று நேரம் ஓரிடத்தில் தங்கும், பிறகு வாய்ப்பு அமைந்தால் அடுத்தடுத்து இரண்டு மூன்று படிகள் விரைந்து போகும், மீண்டும் தங்கும்.

இதெல்லாம் படம்தானே? தாவல்தான் நடக்கிறது என்பதற்கு எண் ரீதியான சான்று உண்டா?

உண்டு, கையால் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. கருக் காந்தப் பரிவு முறையில் புரோத்தன் பரிமாற்ற வீதத்தை அளந்து, ஒரு தாவலுக்கு ஏறத்தாழ 1.5 பீக்கோசெக்கன் என்று கண்டிருக்கிறார்கள். கடத்துதிறனை அளக்காமலேயே கிடைத்த எண் இது. ஒரு தாவலில் ஏற்றம் போகும் தூரம் 2.5 Å என்று எடுப்போம். திசையில்லாமல் எழுமாறாகத் தாவும் ஒன்றின் பரவற் குணகம்:

D = l² / 6τ = (2.5 × 10⁻¹⁰)² / (6 × 1.5 × 10⁻¹²) ≈ 6.9 × 10⁻⁹ m² s⁻¹

தாவாத நேரத்திலும் H₃O⁺ மற்ற நீர் மூலக்கூறுகளைப் போல உடலோடு நகர்ந்துகொண்டுதான் இருக்கும். நீரின் சுயபரவற் குணகம் 2.3 × 10⁻⁹. இரண்டையும் கூட்டினால் 9.2 × 10⁻⁹. கடத்துதிறனிலிருந்து H⁺ இற்குக் கிடைக்கும் மதிப்பு 9.3 × 10⁻⁹. இரு வேறு அளவீடுகள் இவ்வளவு நெருங்கி வருவது தாவலுக்கு வலுவான சான்று. Na⁺ இற்கு இதே குணகம் 1.33 × 10⁻⁹ மட்டும், நீரின் சுயபரவலை விடவே குறைவு.

வெப்பநிலையும் சாட்சி சொல்கிறது. H⁺ நகர்வின் ஏவற்சக்தி அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 11 kJ mol⁻¹. ஒரு O–H பங்கீட்டுப் பிணைப்பை உடைக்க இது எந்த மூலைக்கும் போதாது. நீரில் ஒரு ஐதரசன் பிணைப்பை அறுக்கும் அளவோடுதான் பொருந்துகிறது. கனநீரில் D⁺ இன் கடத்துதிறன் ஏறத்தாழ 1.4 மடங்கு குறைவு. சக்தித் தடையை ஏறிக் கடக்காமல் புரோத்தன் ஊடுருவிப் போகும் சுரங்கவிளைவு ஒன்றே எல்லாவற்றையும் நடத்தியிருந்தால் வித்தியாசம் இதைவிடப் பல மடங்கு பெரிதாக இருந்திருக்கும்.

மின்புலம் கொடுத்தால்தானே புரோத்தன் தாவத் தொடங்கும்?

இல்லை. தாவல் எப்போதும், எல்லாத் திசையிலும் நடந்துகொண்டே இருக்கிறது. ஓர் ஏற்றம் செக்கனுக்குப் பல ஆயிரம் கோடி முறை, 10¹² இற்குக் கொஞ்சம் குறைய, இடம் மாறுகிறது. மேலே சொன்ன 1 V/cm புலத்தில் நிகரமாகக் கிடைக்கும் 36 மைக்குரோமீற்றரை 2.5 Å படிகளாக வகுத்தால் செக்கனுக்கு ஏறத்தாழ 1.4 இலட்சம் படிகள். அதாவது சுமார் 46 இலட்சம் தாவல்களுக்கு ஒன்று மட்டும் புலத்தின் திசையில் மிச்சமாக நிற்கிறது. புலம் தாவலை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே நடக்கும் தாவல்களில் மிகச் சிறிய சாய்வைத் தருகிறது.

OH⁻ உம் இதே மாதிரித்தானா? அப்படியென்றால் அது ஏன் H⁺ ஐ விட மெதுவாகப் போகிறது?

அடிப்படை ஒன்றுதான். பக்கத்து நீர் மூலக்கூறு ஒன்று தன் புரோத்தனை OH⁻ இற்குக் கொடுக்கிறது. OH⁻ நீராகிறது, கொடுத்தது OH⁻ ஆகிறது. புரோத்தன் ஒரு திசையில் போக, எதிரேற்றம் எதிர்த்திசையில் போகிறது.

இதை வைத்து OH⁻ என்பது "புரோத்தன் இல்லாத இடம்", H₃O⁺ இன் கண்ணாடிப் பிம்பம் என்று நீண்ட காலம் பாடநூல்கள் எழுதின. H₃O⁺ மூன்று பிணைப்புகளைக் கொடுப்பதால் OH⁻ மூன்றை வாங்கும் என்பது அந்தத் தருக்கம். 2002 இல் மார்க் டக்கர்மன், டொமினிக் மார்க்ஸ், மிக்கேலே பரினெல்லோ ஆகியோர் வெளியிட்ட கணிப்பு இதை மாற்றியது. நீரில் OH⁻ பெரும்பாலும் நான்கு பிணைப்புகளை வாங்கியபடி, அந்த நான்கு நீர் மூலக்கூறுகளும் ஏறத்தாழ ஒரு சதுரத் தளத்தில் அமைந்த நிலையில் இருக்கிறது. அந்த நிலையில் அது ஒரு புரோத்தனை வாங்கி நீராகிவிட்டால், வாங்கும் பிணைப்புகளும் கோணங்களும் சாதாரண நீருக்குப் பொருந்தா. முதலில் நான்கில் ஒன்று அறுந்து மூன்றாக வேண்டும். OH⁻ இன் சொந்த ஐதரசனும் அயலில் ஒரு நீருக்குப் பிணைப்புக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் அதன் சுற்றம் நீரின் நான்முகி வடிவத்தை ஒத்துவரும், அப்போதுதான் தாவல் நிலைக்கும். ஆயத்தம் கூடுதல் என்பதால் வாய்ப்பு குறைவு. அதனால்தான் 350 இற்குப் பதில் 199. ஆனால் தாவாத அயன்களோடு பார்த்தால் அது இன்னும் இரண்டரை மடங்குக்கு மேல்.

இதைப் பாடசாலை ஆய்கூடத்தில் பார்க்க வழி உண்டா?

மூலக்கூறைப் பார்க்க முடியாது, ஆனால் அதன் விளைவைப் பெரிதாகக் காட்டும் பரிசோதனை ஒன்று கைவசமே இருக்கிறது: HCl ஐ NaOH ஆல் நியமிக்கும்போது கடத்துதிறனை அளப்பது. வரைபில் வரும் ஆழமான V, ஏறத்தாழ முழுவதும் புரோத்தன் தாவலால் வருவது.

0.01 mol dm⁻³ HCl 100 மில்லிலீற்றரை 250 மில்லிலீற்றர் முகவையில் எடுங்கள். அளவியில் 0.1 mol dm⁻³ NaOH. நியமிக்கும் கரைசல் பத்து மடங்கு செறிவாக இருப்பது வேண்டுமென்றே செய்வது. ஐதாதலின் பாதிப்பு சிறிதாக இருக்கும். கடத்துதிறன்மானியை 0.01 mol dm⁻³ KCl கரைசலில் அளவுதிருத்துங்கள். 25 °C இல் அது 1.413 mS/cm காட்ட வேண்டும். மின்வாய்த் தட்டுகள் முழுதாக மூழ்கி, இடையில் காற்றுக்குமிழி இல்லாமல் இருக்கட்டும். NaOH ஐ 1 மில்லிலீற்றராகச் சேர்த்து, கலக்கி, வாசிப்பு நிலைத்த பின் குறியுங்கள். ஒவ்வொரு வாசிப்பையும் (100 + v)/100 ஆல் பெருக்கினால் ஐதாதல் நீங்கிவிடும்.

எதிர்பார்க்க வேண்டிய எண்களை மேலே தந்த மூலர் கடத்துதிறன்களிலிருந்தே கணிக்கலாம்:

| NaOH (மி.லீ.) | வாசிப்பு (mS/cm) | திருத்திய மதிப்பு (mS/cm) |
|---|---|---|
| 0 | 4.26 | 4.26 |
| 5 | 2.63 | 2.76 |
| 10 | 1.15 | 1.26 |
| 15 | 2.18 | 2.51 |
| 20 | 3.13 | 3.75 |

ஒவ்வொரு துளியும் ஒரு H⁺ ஐ எடுத்துவிட்டு அதன் இடத்தில் ஒரு Na⁺ ஐ வைக்கிறது. Cl⁻ அப்படியே இருக்கிறது. 350 போய் 50 வருவதால் கோடு சரிகிறது. 10 மில்லிலீற்றரில் முகவையில் இருப்பது NaCl மட்டும். அதற்குப் பின் சேரும் NaOH எதனோடும் தாக்கமுறாமல் Na⁺ ஐயும் OH⁻ ஐயும் கூட்டுகிறது, கோடு ஏறுகிறது. இறங்கும் கோடு ஏறும் கோட்டைவிடச் செங்குத்தாக இருப்பதையும் கவனியுங்கள்: ஒரு பக்கம் 300 வித்தியாசம், மறுபக்கம் 249.

தாவல் இல்லையென்று வைத்து இதையே மீண்டும் கணித்துப் பார்க்கலாம். H⁺, OH⁻ இரண்டுக்கும் K⁺ இன் அளவான 73.5 ஐக் கொடுங்கள். தொடக்க மதிப்பு 1.50, சமவலுப்புள்ளியில் அதே 1.26, 20 மில்லிலீற்றரில் ஏறத்தாழ 2.5. இறக்கம் 3.00 இலிருந்து 0.24 ஆகச் சுருங்கிவிடும். அந்த வித்தியாசம்தான் தாவலின் பங்கு.

உண்மையான வாசிப்புகள் அட்டவணையை விடச் சில சதவீதம் குறைவாக இருக்கும். 25 °C இல் 0.01 mol dm⁻³ HCl இன் மூலர் கடத்துதிறன் 426 அல்ல, 412 அளவு. அயன்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் வரும் குறைவு அது. கருவியில் பிழை என்று நினைத்துவிட வேண்டாம்.

எனக்கு V வரவில்லை. அடிப்பக்கம் வளைந்து, முடிவுப்புள்ளியும் தள்ளிப் போகிறது. ஏன்?

பெரும்பாலும் NaOH காற்றில் கிடந்து காபனீரொட்சைட்டை உறிஞ்சியிருக்கும். அப்போது OH⁻ இன் இடத்தில் கிடைப்பது காபனேற்று. அது தாவ முடியாத அயன். சமவலுவுக்கு 69 தான் தரும், OH⁻ தருவதோ 199. இதனால் ஏறும் கோடு சரிவு குறைந்து தாழும். சமவலுப்புள்ளிக்கு அருகில் இருகாபனேற்று உருவாகி, கூர்மையாக இருக்க வேண்டிய மூலையை உருட்டிவிடும். அறிகுறி தெளிவானது: இறங்கும் கோடு ஒழுங்காக நேராக இருக்கும், கெடுவது அடிப்பக்கமும் ஏறும் பக்கமும். அன்றே தயாரித்த, மூடிவைத்த NaOH, கொதிக்கவைத்து ஆற்றிய நீர் ஆகியவற்றைப் பயன்படுத்தினால் இது போய்விடும்.

இரு கோடுகளுமே மெல்ல வளைகின்றன என்றால் ஐதாதல் திருத்தத்தை மறந்திருப்பீர்கள், அல்லது NaOH போதிய செறிவில் இல்லை. வாசிப்பு தாறுமாறாகத் துள்ளினால் குமிழி, அல்லது கலக்கியின் காந்தத் துண்டு மின்வாயில் இடிக்கிறது. மின்கலமும் பல்மானியும் வைத்து நேரோட்டத்தில் அளக்க முயல்வோரும் உண்டு. அது சரிவராது. மின்வாய்களில் வாயு தோன்றி, அவை முனைவாகி, மின்னோட்டம் விழுந்துகொண்டே போகும். கடத்துதிறன்மானி ஆடலோட்டத்தைப் பயன்படுத்துவது இதற்காகத்தான்.

கோடுகளை வரையும்போது சமவலுப்புள்ளிக்கு இருபுறமும் ஒரு மில்லிலீற்றருக்குள் விழும் புள்ளிகளைக் கணக்கில் எடுக்காமல், அப்பால் உள்ள ஐந்தாறு புள்ளிகளால் கோட்டை இழுத்து வெட்டச் செய்யுங்கள். காட்டி நியமிப்பில் முடிவுப்புள்ளிக்கு அருகேதான் கவனம். இங்கே தொலைவில் உள்ள புள்ளிகள்தான் விடையைத் தருகின்றன.

கொழும்பில் எங்கள் ஆய்கூடம் 30 °C. மானியில் 25 °C இற்குத் திருத்தும் வசதியைப் போட்டுவிட்டால் போதும்தானே?

அமிலத்துக்குப் போதாது. காரணம் இதே தாவல்தான். சாதாரண அயன்கள் நீரின் பாகுநிலைக்குக் கட்டுப்பட்டவை. வெப்பம் ஏற நீர் இளகி, அவற்றின் கடத்துதிறன் பாகைக்கு ஏறத்தாழ 2 சதவீதம் கூடுகிறது. பெரும்பாலான மானிகள் திருத்தத்துக்கு எடுக்கும் எண்ணும் அதுவே. H⁺ பாகைக்கு 1.4 சதவீதம் அளவுதான் கூடுகிறது. அது ஐதரசன் பிணைப்பு வலையில் தங்கியிருக்கிறது. வெப்பம் பிணைப்பு அறுவதை விரைவாக்கினாலும், அதே வெப்பம் வலையையும் நைந்துபோகச் செய்கிறது.

30 °C இல் 0.01 mol dm⁻³ HCl உண்மையில் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாகக் கடத்தும். மானியோ 10 சதவீதம் கூடியதாக நினைத்து வகுக்கும். திரையில் வருவது உண்மையான 25 °C மதிப்பை விட ஏறத்தாழ 3 சதவீதம் குறைவு. நியமிப்பு NaCl பக்கம் போகப்போக இந்தப் பிழை கரைந்துவிடும். வெப்பநிலை மாறாமல் இருந்தால் வெட்டுப்புள்ளி பெரிதாக நகராது, ஆனால் சரிவுகளிலிருந்து H⁺ இன் கடத்துதிறனைக் கணிக்கப் போனால் விடை பிழைக்கும். எங்கள் பரிந்துரை: திருத்தத்தை அணைத்துவிட்டு, முகவையின் வெப்பநிலையை ஒவ்வொரு வாசிப்போடும் எழுதுங்கள். குளிரூட்டிய அறையில் இருந்த போத்தலை எடுத்தவுடன் பயன்படுத்தாமல், முகவை, அளவி இரண்டும் அறை வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருங்கள். நடுவழியில் கரைசல் சூடேறினால் கோடு வளையும், அதை எந்தத் திருத்தமும் சரிசெய்யாது.

இதே போக்கை நீண்ட வீச்சில் பார்த்தால் இன்னும் தெளிவு. 0 °C இல் H⁺ இன் மதிப்பு 225, K⁺ இனது 40.7, விகிதம் 5.5. 25 °C இல் அது 4.8. 100 °C இல் H⁺ 630 ஐ அண்மித்தாலும் K⁺ 195 ஆக ஏறிவிடுவதால் விகிதம் 3.2. H⁺ இன் தனிச்சிறப்பு சூட்டில் குறைகிறது.

அமிலத்தைச் செறிவாக்கிக்கொண்டே போனால் கடத்துதிறனும் கூடிக்கொண்டே போகுமா?

ஓரளவு வரை. HCl இல் திணிவுப்படி 18–20 சதவீதத்துக்கு அருகில் உச்சம் வந்து, பிறகு இறங்கும். சல்பூரிக்கமிலத்தில் உச்சம் 30 சதவீதத்துக்குக் கிட்ட. தாவலுக்குக் காலியான நீர் மூலக்கூறு வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் காரணம் தெரியும். 20 சதவீத HCl இல் ஒரு HCl இற்கு எட்டு நீர் மூலக்கூறுகள்தான் இருக்கின்றன. H₉O₄⁺ ஆக அமையவே நான்கு போய்விடுகின்றன, Cl⁻ தன்னைச் சுற்றி ஆறளவு நீரை வைத்துக்கொள்ளப் பார்க்கிறது. மீதம் எதுவும் இல்லை, ஒரே நீரை இரு பக்கமும் பங்குபோடுகின்றன. தாவ இடமில்லாமல் ஒவ்வொரு H⁺ உம் ஐதான கரைசலில் கடத்துவதில் ஒரு பகுதியைத்தான் கடத்தும். மூலர் கடத்துதிறன் மூன்றில் ஒரு பங்களவுக்கு விழுந்துவிடுகிறது.

தூய நீரில் H⁺ உம் OH⁻ உம் இவ்வளவு வேகமாகப் போனால் அது நன்றாக மின்கடத்த வேண்டாமா?

வேகம் இருக்கிறது, எண்ணிக்கை இல்லை. 25 °C இல் ஒவ்வொன்றும் 10⁻⁷ mol dm⁻³ மட்டும். 349.8 ஐயும் 198.6 ஐயும் கூட்டி அந்தச் செறிவால் பெருக்கினால் 0.055 µS/cm. மிகத் தூய நீருக்கு அளக்கப்படும் மதிப்பும் அதுவே, அந்தக் கடத்துதிறன் முழுவதும் தாவும் அயன்களுடையது. ஆய்கூடத்துக் காய்ச்சி வடித்த நீர் திறந்த முகவையில் சிறிது நேரம் இருந்தால் மானி 1 µS/cm அளவைக் காட்டும். காற்றின் காபனீரொட்சைட்டு கரைந்து pH ஐ 5.6 இற்கு இறக்கியிருக்கும். அந்த வாசிப்பில் பத்தில் ஒன்பது பங்கு H⁺ உடையது, மீதி இருகாபனேற்றுடையது. புதிதாக வடித்த நீரே இதைவிட மிக அதிகமாகக் காட்டினால் காபனீரொட்சைட்டைக் குறைசொல்ல முடியாது. வடிகருவியையோ போத்தலையோதான் பார்க்க வேண்டும்.